ஸ்கூட்டர் மேம்பாலத்துல இழுக்கலையா? ரோலர் வெயிட் மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

தாம்பரம் மேம்பாலம், பெருங்களத்தூர் மேம்பாலம், மேடவாக்கம் மேம்பாலம்... தென்சென்னை புறநகர்ல தினமும் ஸ்கூட்டர் ஓட்டுறவங்களுக்கு ஏற்றம்னா இதுதான். பின்னாடி ஒருத்தர், முன்னாடி காய்கறிப் பை. பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி முனக ஆரம்பிக்கும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பல நேரம் கிடைக்கும் பதில்: "ரோலர் வெயிட்டைக் குறைச்சுடலாம் சார், சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

அதே கடையில், ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர் வரை வேலைக்குப் போகும் இன்னொருவர் கேட்பது வேற: "அண்ணே, 75-க்கு மேல போகவே மாட்டேங்குது." அவருக்குச் சொல்லப்படும் யோசனை: "வெயிட்டான ரோலர் போட்டுப் பாக்கலாம்."

லேசான ரோலர் போட்டால் இழுவை, கனமான ரோலர் போட்டால் வேகம். இந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் மாற்றினால் பணமும் போகும், மைலேஜும் போகும், பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

ரோலர் எங்கே இருக்கு? என்ன செய்யுது?

கியர் இல்லாத ஸ்கூட்டர்ல கியர் வேலையைச் செய்வது ஒரு பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். முன்பக்க புல்லி இன்ஜினின் கிராங்க் தண்டில் நேரடியாக மாட்டப்பட்டிருக்கும். இதைத்தான் வேரியேட்டர் என்கிறோம். பின்பக்க புல்லி, கிளட்ச் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும்.

இரண்டு புல்லிகளுமே, எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள் மாதிரி. தட்டுகள் விலகினால் பெல்ட் உள்ளே இறங்கும், நெருங்கினால் வெளியே ஏறும். முன்னால் பெல்ட் இறங்கியும் பின்னால் ஏறியும் இருந்தால் அது முதல் கியர் மாதிரி: இழுவை அதிகம், வேகம் கம்மி. முன்னால் ஏறி, பின்னால் இறங்கிவிட்டால் டாப் கியர் மாதிரி.

முன்பக்கத் தட்டை நகர்த்துவதுதான் ரோலரின் வேலை. வேரியேட்டருக்குள் சாய்வான பள்ளங்கள் இருக்கும். அதில் பொதுவாக 6 ரோலர்கள். உள்ளே உலோகம், வெளியே நைலான் மாதிரியான உறை. இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற, ராட்டினத்தில் உட்கார்ந்தவரை வெளியே தள்ளுவது போல ரோலர்களும் வெளியே தள்ளப்படும். சாய்வில் ஏறும் ரோலர்கள் தட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், கியர் மாறும்.

இதை எதிர்த்து நிற்பது பின்பக்க புல்லியில் இருக்கும் பெரிய ஸ்பிரிங். ரோலர் 'டாப் கியருக்குப் போ' என்று தள்ளும். ஸ்பிரிங் 'முதல் கியருக்கே வா' என்று இழுக்கும். இந்த இழுபறியில் யார் எப்போது ஜெயிப்பது என்பதை ரோலரின் எடை தீர்மானிக்கிறது.

இந்த ஏற்பாடு புதுசு இல்லை. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-லேயே தன் காரில் 'வேரியோமேட்டிக்' என்ற பெயரில் பெல்ட் கியரைக் கொண்டுவந்தது. நம்ம ஊரில் 1980-களில் வந்த கைனெட்டிக் ஹோண்டாதான் கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. இன்று ஆக்டிவா, ஜுபிடர், ஆக்சஸ் என்று சாலையில் பார்க்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாமே இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

எடையைக் குறைத்தால் என்ன மாறும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரோலர் மாற்றுவதால் இன்ஜினுக்கு ஒரு துளி பவர்கூட புதிதாக வராது. இன்ஜின் எந்தச் சுற்று வேகத்தில் நின்று வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் மாறும்.

ரோலர் லேசானால் அதே தள்ளுவிசை கிடைக்க இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் கியர் மாறுவது தள்ளிப்போகும். கனமானால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே டாப் கியரை நோக்கி ஓடிவிடும்.

எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தள்ளுவிசை ரோலரின் எடைக்கும், சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். எனவே பழைய எடையைப் புது எடையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பழைய சுற்று வேகத்தோடு பெருக்கினால் புது வேகம் தோராயமாகக் கிடைக்கும்.

ஒரு உதாரணம். உங்கள் வண்டியில் 15 கிராம் ரோலர்கள் இருக்கின்றன, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் 5,200 ஆர்பிஎம்-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 13 கிராம் ஆக்கினால்:

15 ÷ 13 = 1.154
அதன் வர்க்கமூலம் = 1.074
5,200 × 1.074 = சுமார் 5,585 ஆர்பிஎம்

ஆக, 2 கிராம் குறைத்ததற்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதல் சுற்று. 110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் டார்க் உச்சம் 5,000 முதல் 5,500 ஆர்பிஎம் அளவிலும், பவர் உச்சம் 7,000 முதல் 8,000 ஆர்பிஎம் அளவிலும் இருக்கும். டார்க் பெரிதாகக் குறையாத இடத்தில் சுற்று 7 சதவீதம் கூடினால், பவரும் 6 அல்லது 7 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். குதிரைத்திறனில் சொன்னால், அரைக்கும் குறைவு. ஓட்டும்போது தெரியும். ஆனால் 'பிச்சுக்கிட்டுப் போகாது'.

அப்போ மேம்பாலத்துக்கு இது தேவையா?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. வண்டி, இரண்டு பேர் எல்லாம் சேர்த்து 240 கிலோ. 5 சதவீதச் சாய்வு, அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் பாலம். 30 கி.மீ. வேகத்தில் ஏறச் சக்கரத்தில் எவ்வளவு பவர் வேண்டும்? ஏற்றத்துக்கு, டயர் உராய்வுக்கு, காற்றுக்கு என எல்லாம் கூட்டினால் சுமார் 2 குதிரைத்திறன் போதும்.

நல்ல நிலையில் இருக்கும் 110 சிசி ஸ்கூட்டரின் உச்ச பவர் சுமார் 7 முதல் 8 குதிரைத்திறன். பெல்ட்டில் கொஞ்சம் வீணாகும் என்றாலும், 2 குதிரைத்திறன் கேட்கும் பாலத்தில் அது திணறவே கூடாது.

அதனால் ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே பாலத்தை இதே ஆட்களோடு சுலபமாக ஏறிய வண்டி இப்போது திணறுகிறது என்றால், தப்பு ரோலரின் எடையில் இல்லை. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. லேசான ரோலர் போட்டு அதைச் சரிசெய்வது, காய்ச்சலுக்கு ஈரத்துணி மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுவது மாதிரி.

நிஜமாகவே எடை மாற்றம் உதவும் இடம் மலைப்பாதை. 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிக்கோ, 20 வளைவுகள் உள்ள ஏற்காட்டுக்கோ இரண்டு பேர் போகிறீர்கள். 10 சதவீதச் சாய்வில் 40 கி.மீ. வேகம் வேண்டும் என்றால் சக்கரத்தில் சுமார் 4.7 குதிரைத்திறன் தேவை. பெல்ட்டில் வீணாவதையும் சேர்த்தால் இன்ஜின் 6 குதிரைத்திறனுக்கு மேல் தர வேண்டும். 5,200 ஆர்பிஎம்-ல் நிற்கும் 110 சிசி இன்ஜினிடம் அந்த அளவு இருப்பது கஷ்டம். அங்கே இன்ஜினைக் கொஞ்சம் மேலே சுற்றவிடும் லேசான ரோலர் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும்.

நம்ம பக்கத்தில் அதற்கு நெருக்கமான இடம் என்றால் பரங்கிமலை உச்சி தேவாலயத்துக்குப் போகும் சாலை. ஆனால் அதுவும் சில நிமிட ஏற்றம்தான். அதற்காக வருஷம் முழுக்க மைலேஜை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

கனமான ரோலர் போட்டால் டாப் ஸ்பீடு கூடுமா?

பெரும்பாலும் கூடாது. காரணம் எளிமையானது. பெல்ட் முன்பக்க புல்லியின் விளிம்பு வரை ஏறிவிட்டால் அதுதான் கடைசி கியர். அதற்கு மேல் ஏற இடமே இல்லை. கம்பெனி கொடுத்த ரோலரே பெல்ட்டை விளிம்பு வரை ஏற்றிவிடுகிறது என்றால், கூடுதல் எடை அங்கே எதையும் புதிதாகச் செய்யாது. அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். 110 சிசி மாதிரி சின்ன இன்ஜினில் எதிர்மறை விளைவுகூட வரலாம்: சீக்கிரமே டாப் கியருக்குப் போய், எதிர்க்காற்றில் சுற்று விழுந்து, வேகம் குறையும்.

கனமான ரோலர் தரும் நிஜ லாபம் வேறு. 40, 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது இன்ஜின் கொஞ்சம் அமைதியாகச் சுற்றும். ஆனால் ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி யோசித்து யோசித்துத்தான் கிளம்பும்.

எடையை ரொம்பக் குறைத்தாலும் டாப் ஸ்பீடு போய்விடும். பெல்ட் விளிம்புக்கு ஏறுவதற்கு முன்பே இன்ஜின் தன் சுற்று எல்லையைத் தொட்டுவிடும். வண்டி அலறும், முள் நகராது.

மார்க்கர் பேனா டெஸ்ட்

பெல்ட் விளிம்பு வரை ஏறுகிறதா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இடதுபக்கக் கவரைக் கழற்றி, முன்பக்க புல்லியின் வெளித்தட்டில், பெல்ட் உரசும் சரிவான பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கவரை மாட்டிவிட்டு, போக்குவரத்து இல்லாத நேரத்தில் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் ஒரு நேர் ஓட்டம். பிறகு திறந்து பாருங்கள்.

பெல்ட் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் கோடு அழிந்திருக்கும். விளிம்புக்குப் பக்கம் வரை அழிந்திருந்தால் ரோலர் தன் வேலையை முழுசாகச் செய்கிறது. வேகக் குறைவுக்குக் காரணம் இன்ஜின், ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் உரசல் என வேறு இடத்தில் இருக்கிறது. மேலே ஒரு பட்டை அழியாமல் நின்றால், பெல்ட் முழுசாக ஏறவில்லை. அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது எடையை அல்ல, தேய்மானத்தை. ஓட்டத்தில் வேகம் குறைவாகவே இருந்திருந்தால், வண்டி டாப் கியருக்கே போகாமலும் இருந்திருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

தேய்ந்த ரோலர் எப்படி இருக்கும்?

புது ரோலர் உருளையாக, வழுவழுப்பாக இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும். விரலில் உருட்டினாலே தடக்கென்று நிற்கும். தட்டையான ரோலர் உருளாது, சறுக்கும். சில நேரம் பாதியிலேயே சிக்கி நிற்கும். விட்டம் குறைந்துவிட்டதால் தட்டை முழுசாக நெருக்கவும் முடியாது. ஆக ஒரே கோளாறில் பிக்அப்பும் போகும், டாப் ஸ்பீடும் போகும்.

ஓட்டும்போது இதைக் காதால் கண்டுபிடிக்கலாம்:

* ஐடிலில் இடது பக்கம் கடகடவென்று சத்தம், ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அடங்கினால், ரோலரோ அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளோ தேய்ந்திருக்கலாம்.
* ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பெல்ட்டோ கிளட்ச் ஷூவோ வழுக்குகிறது. இதற்கும் ரோலர் எடைக்கும் சம்பந்தமே இல்லை.
* இன்ஜின் சத்தம் இறங்கி, முனகி, வேகமும் விழுந்தால், கியர் இறங்க மறுக்கிறது அல்லது இன்ஜினிலேயே பவர் குறைந்திருக்கிறது. சிக்கிய ரோலர், தளர்ந்த பின்பக்க ஸ்பிரிங், அளவுக்கு மீறிய கனமான ரோலர், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் என வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பெல்ட்டின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தேய்ந்து ஒல்லியான பெல்ட், தட்டுகளுக்கு நடுவே ஆழமாக உட்காரும். விளிம்பு வரை ஏறாது. எந்த அகலத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது ஒவ்வொரு மாடலின் சர்வீஸ் கையேட்டிலும் இருக்கும்.

சரி, எடையை மாத்தியே ஆகணும்னா?

முதலில் கம்பெனி எடையிலேயே புது ரோலர் செட், தேவைப்பட்டால் புது பெல்ட் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம். அதன் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் எடைக்குப் போங்கள்.

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ, உள்ளூர் கடையிலோ வாங்கும்போது விட்டமும் அகலமும் பழசோடு மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எடையைப் பாக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஆறும் ஒரே எடையில் இருக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு ரோலருக்கு 1 கிராம் மாற்றுங்கள், போதும். 15 என்றால் 14. எடுத்தவுடன் 11-க்குத் தாவ வேண்டாம். 14 கிடைக்கவில்லை என்றால் மூன்று 15, மூன்று 13 வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக மாட்டலாம். சராசரி 14 ஆகிவிடும். கனமானவை மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் புல்லி அதிரும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பாலம், ஒரே ஆட்கள், ஒரே வேகத்தில் தொடக்கம். உதாரணமாக, அதிகாலையில் 30 கி.மீ. வேகத்தில் பாலத்தில் நுழைந்து, உச்சியில் எத்தனை கி.மீ. வேகம் இருந்தது என்று பின்னால் இருப்பவர் செல்போன் ஜிபிஎஸ்-ல் பார்க்கட்டும். 'நல்லா இருக்கிற மாதிரி தோணுது' என்பது அளவு இல்லை. லேசான ரோலரில் இன்ஜின் சத்தம் கூடும், அந்தச் சத்தமே வேகம் கூடியது போல ஏமாற்றும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தப்பு

ரோலர் மாற்றுவது அரை மணி நேர வேலை மாதிரி தெரியும். ஆனால் ஒரு இடத்தில் கவனம் தப்பினால் கிராங்க் தண்டே பழுதாகும்.

வேரியேட்டரைத் திரும்ப மாட்டும்போது பின்பக்க புல்லியை விரித்து, பெல்ட்டை அங்கே ஆழமாக அழுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று இருக்கும். இதைச் செய்யாமல் நட்டை முறுக்கினால், முன்பக்கத் தட்டு நடுக்குழாயில் போய் உட்காராமல் பெல்ட்டின் மேல் போய் முட்டி நிற்கும். நட்டு இறுகியது மாதிரியே தோன்றும். வண்டி கிளம்பியதும் பெல்ட் நகரும், நட்டு தளரும், தட்டு ஆடி ஆடித் தண்டின் பற்களைத் தின்றுவிடும். மெக்கானிக் நட்டை முறுக்கிய பிறகு, முன்பக்கத் தட்டுகளுக்கு நடுவே பெல்ட் கையால் அசைகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அசைந்தால் சரி. நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குவதுதான் முறை.

ரோலர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். திரும்ப அதே திசையில்தான் வைக்க வேண்டும். கிரீஸ் விஷயத்திலும் கையேடு சொல்வதே கணக்கு. சில மாடலில் குறிப்பிட்ட அளவு உண்டு, சிலவற்றில் அறவே கூடாது. பெல்ட் உரசும் பரப்பில் கிரீஸ் பட்டால், புது பெல்ட்டும் வழுக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு

லேசான ரோலர் என்றால் தினசரி ஓட்டத்திலும் இன்ஜின் கூடுதலாகவே சுற்றும். மலைக்கு வருஷத்தில் இரண்டு நாள், தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் 300 நாள் என்றால், பெட்ரோல் செலவு அந்த 300 நாளிலும் சேரும். வாரன்டியில் இருக்கும் வண்டியில் எடை மாற்றினால், பிறகு கோளாறு வரும்போது அதையே காரணம் காட்டி மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

டாப் ஸ்பீடு தேடுபவர்கள் இதையும் மனதில் வைக்கவும்: சென்னை மாநகரில் 2023 நவம்பரில் இருசக்கர வாகனங்களுக்கு 50 கி.மீ. வேக வரம்பு அமலுக்கு வந்தது. அந்த வேகத்தைத் தொட எந்த 110 சிசி ஸ்கூட்டருக்கும் கம்பெனி ரோலரே தாராளம்.

அதனால் அடுத்த முறை "ரோலரைக் குறைச்சுடலாமா?" என்று கேட்டால், "முதல்ல பழசைக் கழட்டி என் கையில குடுங்கண்ணே" என்று சொல்லுங்கள். விரலில் உருட்டிப் பாருங்கள். தட்டையாக இருந்தால், உங்களுக்குத் தேவை வேறு எடை இல்லை, அதே எடையில் புது ரோலர்.